எனக்கே காது குத்துறியா? மொழிபெயர்ப்பு இயந்திரம் மரபுத்தொடரில் தடுக்கி விழுவது ஏன்

அரசு அலுவலகச் சுற்றறிக்கை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றச் சொன்னால், இன்றைய மொழிபெயர்ப்புச் செயலி சில நொடிகளில் மாற்றித் தந்துவிடுகிறது. நாலைந்து இடங்களில் கைவைத்தால் அதை அப்படியே அனுப்பிவிடலாம். அதே செயலியிடம் "எனக்கே காது குத்துறியா?" என்ற மூன்றே சொற்களைக் கொடுத்தால், யாரோ ஒருவருடைய காதில் துளை போடுவதைப் பற்றிய ஆங்கில வாக்கியம் வந்து நிற்கக்கூடும். ஐம்பது சொல் நீளமுள்ள சட்ட வாக்கியத்தைச் சமாளிக்கும் இயந்திரத்துக்கு, டீக்கடையில் யாரும் சொல்லும் மூன்று சொல் ஏன் பிடிபடவில்லை?

"இன்னும் வளரவில்லை, போகப் போகச் சரியாகிவிடும்" என்று சொல்வது எளிது. ஆனால் எழுபது ஆண்டுகளில் மொழிபெயர்ப்பு இயந்திரம் அடிப்படையிலேயே மூன்று முறை மாற்றிக் கட்டப்பட்டிருக்கிறது. மூன்று முறையும் இந்தத் தொடர் வேறு வேறு காரணத்துக்காகத் தவறியிருக்கிறது. அந்தக் காரணங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் எது சரியாகும், எது ஆகாது என்று தெரியும். அதற்காக இந்த ஒரே தொடரை மூன்று தலைமுறை இயந்திரங்களுக்குள்ளும் அனுப்பிப் பார்ப்போம்.

## முதலில் இரண்டு சொற்கள்

மரபுத்தொடர் என்பது, சொற்களின் பொருளைத் தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் கிடைக்காத ஒரு பொருளைத் தரும் தொடர். "கம்பி நீட்டினான்" என்பதில் கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை. ஓடிப்போனான் என்பதே பொருள்.

பழமொழி வேறு வகை. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது நேர்ப்பொருளிலேயே முழுமையான வாக்கியம். கேட்டதும் ஒரு காட்சி கண்முன் வருகிறது. சொல்பவர் அந்தக் காட்சியை எடுத்து, எதிரே நடக்கும் வேறொரு விஷயத்தின் மேல் பொருத்துகிறார். பொருத்துகிற வேலை வாக்கியத்துக்குள் இல்லை, பேசும் சூழலில் இருக்கிறது.

"காது குத்துதல்" மரபுத்தொடர்தான், ஆனால் அதிலும் ஒரு சிக்கலான ரகம். கம்பி நீட்டுவதை நேர்ப்பொருளில் சொல்லும் சந்தர்ப்பம் அரிது. காது குத்துவதோ வீட்டுக்கு வீடு நடக்கிறது. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைத்து, மிட்டாயை நீட்டி, பராக்குக் காட்டி, அது அசந்த நேரத்தில் ஆசாரி ஊசியை இறக்கிவிடுவார். ஏமாற்றுவது என்ற பொருள் அந்த நொடியிலிருந்து வந்ததாகவே சொல்வார்கள். ஆக, ஒரே தொடருக்கு இரண்டு உயிருள்ள பொருள்கள். ஒன்று சடங்கு, மற்றது ஏமாற்று.

இலக்கணம் உதவுமா என்றால் அதுவும் இல்லை. "எனக்கு நாலு வயசுல காது குத்துனாங்க", "எனக்கு நல்லா காது குத்திட்டான்" என்ற இரண்டிலும் "எனக்கு" என்ற அதே நான்காம் வேற்றுமைதான். "கைகழுவுதல்" போன்ற தொடரில் நிலைமை மேல். "சாப்பிட்டுக் கை கழுவினான்", "கட்சி அவரைக் கைகழுவிவிட்டது" என்ற இரண்டில், "அவரை" என்ற இரண்டாம் வேற்றுமையே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடும். காது குத்துவதில் அந்தக் கைப்பிடி கிடையாது.

## விதிகளின் காலம்

கணினியை மொழிபெயர்க்கவைக்கலாம் என்ற எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தவர் அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர். ரஷ்ய மொழிக் கட்டுரையைப் பார்க்கும்போது, இது உண்மையில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு ஏதோ விநோதக் குறிகளில் மறைக்கப்பட்டிருக்கிறது என்றே தான் நினைத்துக்கொள்வதாக அவர் 1947இல் ஒரு கடிதத்தில் எழுதினார். 1949இல் அதே கருத்தை விரிவான குறிப்பாக்கிப் பலருக்கு அனுப்பினார். போர்க்கால ரகசியச் செய்திகளை உடைத்த அனுபவம் அருகில் இருந்த காலம் அது. மொழியும் ஒரு ரகசியக் குறியீடு என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது.

1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து ஒரு செயல்விளக்கம் நடத்தின. அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களை ஐபிஎம் 701 கணினி ஆங்கிலமாக்கியது. அகராதியில் 250 சொற்கள், இலக்கணத்தில் 6 விதிகள், அவ்வளவுதான். வாக்கியங்களும் அந்தச் சொற்களுக்குள் அடங்கும்படி முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. சில ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவியது.

இப்படிப்பட்ட விதிமுறை இயந்திரத்துக்குள் நம் வாக்கியம் போனால் நடப்பது இது:

1. சொல்லைப் பிரித்தல். "எனக்கே" என்பது எனக்கு + ஏ என்று பிரியும். "குத்துறியா" என்பதிலேயே முதல் முட்டுக்கட்டை. விதிகள் எழுத்துத் தமிழுக்கு எழுதப்பட்டவை. "குத்துகிறாயா" என்றால் குத்து + கிற் + ஆய் + ஆ என்று பிரிக்கும், "குத்துறியா" என்றால் தெரியாத சொல் என்று நிறுத்திவிடும். எழுத்துத் தமிழாக மாற்றிக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம்.
2. வாக்கிய அமைப்பு. எழுவாய் "நீ", வினை "குத்து", செயப்படுபொருள் "காது", யாருக்கு என்றால் "எனக்கு". இதில் பிழை எதுவும் இல்லை.
3. சொல்லுக்குச் சொல் மாற்றம். "குத்து" என்பதற்கு அகராதியில் பல வரிகள் உண்டு. முள் குத்தும், நெல் குத்துவார்கள், முத்திரை குத்துவார்கள், கத்தியால் குத்துவார்கள், காது குத்துவார்கள். பக்கத்தில் "காது" இருப்பதால் துளையிடுதல் என்ற வரியைத் தேர்ந்தெடுக்கும். உண்மையில் நல்ல தேர்வு.
4. ஆங்கிலத்தில் கோத்தல். "நீ எனக்கே காதில் துளை போடுகிறாயா" என்ற பொருளில் ஒரு வாக்கியம் வரும்.

ஒவ்வொரு படியிலும் இயந்திரம் சொன்னபடி வேலை செய்திருக்கிறது, விடைதான் தவறு. இதற்கு அன்றைக்கு இருந்த மருந்து, மரபுத்தொடர்களுக்குத் தனிப் பட்டியல் போடுவது. "காது குத்து என்றால் ஏமாற்று" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்த வாக்கியம் சரியாகும். ஆனால் அடுத்து வரும் "எங்கள் பேத்திக்குக் காது குத்துகிறோம், அனைவரும் வருக" என்ற அழைப்பிதழ், பேத்தியை ஏமாற்றப்போவதாக ஊரைக் கூப்பிடும். பட்டியலில் எழுதலாம், எப்போது பட்டியலைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்கக் கூடாது என்பதற்கு விதி எழுத முடியாது.

இஸ்ரேலிய மொழியியலாளர் யெஹோஷுவா பார்-ஹிலெல் 1960இல் இதே சுவரைத்தான் சுட்டிக்காட்டினார். ஆங்கிலத்தில் "பென்" என்றால் பேனாவும் ஆகும், குழந்தை விளையாடுவதற்கான தடுப்பும் ஆகும். "பெட்டி பென்னுக்குள் இருந்தது" என்றால் எது? பேனாவுக்குள் பெட்டி நுழையாது என்ற உலக அறிவு இருந்தால்தான் விடை கிடைக்கும். அந்த அறிவு எந்த அகராதியிலும் இல்லை என்றார் அவர். 1966இல் அமெரிக்க அரசு அமைத்த அல்பாக் குழு, இயந்திர மொழிபெயர்ப்பு வேகத்திலும் தரத்திலும் செலவிலும் மனிதரைவிடப் பின்தங்கியிருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. அமெரிக்காவில் நிதி வறண்டது.

இந்தக் காலத்தைப் பற்றி உலகெங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்ற விவிலிய வாசகத்தை ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கும், அங்கிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கும் கணினி மாற்றியபோது "வோட்கா நன்றாக இருக்கிறது, இறைச்சி கெட்டுவிட்டது" என்று வந்ததாம். இத்துறையின் வரலாற்றாசிரியர் ஜான் ஹட்சின்ஸ் இதன் மூலத்தைத் தேடினார். எந்தக் கணினியும் இப்படி மொழிபெயர்த்ததற்குச் சான்று இல்லை. கதை பொய்யாக இருந்தாலும் அது காட்டும் கவலை நியாயமானது.

விதிமுறை இயந்திரம் வென்ற இடமும் உண்டு. கனடாவில் 1977 முதல் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றிய "மெட்டியோ" பல ஆண்டுகள் அன்றாடம் உழைத்தது. வானிலை அறிக்கையில் யாரும் யாருக்கும் காது குத்துவதில்லை. சொற்கள் குறைவு, வாக்கிய வடிவங்கள் இன்னும் குறைவு. சுற்றறிக்கையை இன்றைய இயந்திரம் எளிதாக மாற்றுவதற்குப் பின்னால் இருப்பதும் பெருமளவு இதே காரணம்தான்.

## எண்ணிக்கையின் காலம்

1980களின் இறுதியில் ஐபிஎம் ஆய்வாளர்கள் வேறு பாதை எடுத்தார்கள். விதி எழுதுவதை விட்டுவிட்டு, மனிதர் ஏற்கனவே மொழிபெயர்த்து வைத்த உரைகளை எண்ணத் தொடங்கினார்கள். கனடா நாடாளுமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரிக்கு வரி கிடைத்தன. இப்படிப்பட்ட இரட்டை உரைக்கு இணைத்தொகுப்பு என்று பெயர். எந்த ஆங்கிலச் சொல் வரும்போது எந்த பிரெஞ்சுச் சொல் அடிக்கடி உடன் வருகிறது என்று கணக்கிட்டு, அந்த நிகழ்தகவைக் கொண்டே புது வாக்கியத்தை மொழிபெயர்ப்பது புள்ளியியல் முறை. 2000களில் தனிச்சொல்லுக்குப் பதில் சில சொற்கள் சேர்ந்த துண்டுகளை எண்ணத் தொடங்கினார்கள். 2006இல் வந்த கூகுள் மொழிபெயர்ப்பு இந்த அடிப்படையில் கட்டப்பட்டது. 2011 ஜூனில் தமிழும் அதில் சேர்ந்தது.

மரபுத்தொடருக்கு இது ஒரு வாய்ப்பாகவே அமைந்தது. "காது குத்து" என்பதை ஒரே துண்டாக வைத்துக்கொண்டு, அதற்கு எதிரே ஏமாற்றுவதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரை அப்படியே சேமிக்கலாம். உள்ளே இருக்கும் காதையும் குத்தலையும் இயந்திரம் பார்க்கவே தேவையில்லை.

தமிழில் அது கைகூடாததற்கு முதல் காரணம் நம் வினைச்சொல். குத்தினான், குத்துறான், குத்தாதே, குத்தப் பார்க்கிறான், குத்திட்டுப் போயிட்டான் என்று ஒரே தொடர் நூறு வடிவில் வரும். எண்ணிக்கை இயந்திரத்துக்கு ஒவ்வொன்றும் தனிச் சரக்கு. "காது குத்தினான்" என்பதைக் கற்றால் "காது குத்தாதே" என்பது தெரிந்துவிடாது. நடுவில் "நல்லா" என்று ஒரு சொல் நுழைந்தாலும் துண்டு உடைந்துபோகும்.

இரண்டாவது, எண்ணிக்கைக்கே உரிய சாய்வு. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: தொகுப்பில் "காது குத்து" 100 இடங்களில் வருகிறது, 95 இடங்களில் சடங்கு, 5 இடங்களில் ஏமாற்று. பக்கத்துச் சொற்களிலிருந்து துப்பு கிடைக்காதவரை இயந்திரம் ஒவ்வொரு முறையும் சடங்கையே தேர்ந்தெடுக்கும், ஏனென்றால் அப்படிச் செய்தால் 100க்கு 95 சரி. ஐந்து பேருக்குத் தவறாகப் போவது அந்தக் கணக்கில் நியாயமான விலை.

## நியூரல் காலம்

2014 முதல் 2017க்குள் மூன்றாவது மாற்றம் நடந்தது. நியூரல் மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு சொல்லும் சில நூறு எண்கள் கொண்ட வரிசையாக மாறுகிறது. பொருளில் நெருங்கிய சொற்களின் எண்வரிசைகளும் நெருங்கியிருக்கும். வாக்கியத்தின் ஒரு சொல்லைக் கையாளும்போது மற்ற எந்தெந்தச் சொற்களைப் பார்க்க வேண்டும், எவ்வளவு பார்க்க வேண்டும் என்பதையும் இயந்திரமே கற்றுக்கொள்கிறது. இதற்கு கவனம் என்று பெயர். 2017இல் வந்த டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பு முழுவதும் இதன்மேல் நிற்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் கூகுளின் தமிழ் மொழிபெயர்ப்பும் நியூரல் முறைக்கு மாறியது. 2023இல் ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளுக்குமான இன்டிக்டிரான்ஸ்2 என்ற மொழிபெயர்ப்பு மாதிரியை வெளியிட்டது.

முன்னேற்றம் மிகப் பெரியது. வேற்றுமையும் வினைமுடிபும் ஒத்துப்போகின்றன. தூரத்தில் இருக்கும் சொல்லும் கணக்கில் வருகிறது. "எனக்கே" என்பதில் உள்ள ஏகாரம்தான் நம் வாக்கியத்தின் உயிர்நாடி. "போயும் போயும் என்னிடமா" என்ற தொனி அதில் இருக்கிறது. சடங்கைப் பற்றிப் பேசுபவர் அந்த ஏகாரத்தை அங்கே போடமாட்டார். இந்தத் துப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் திறன் நியூரல் அமைப்புக்குக் கோட்பாட்டளவில் உண்டு. அப்படியிருந்தும் ஏன் தவறுகிறது?

1. கூட்டிப் பொருள்கொள்ளும் பழக்கம். இயந்திரம் பயிலும் வாக்கியங்களில் மிகப் பெரும்பாலானவற்றில், சொற்களின் பொருளைக் கூட்டினாலே வாக்கியத்தின் பொருள் வந்துவிடுகிறது. அதனால் அந்த வழியே ஆழமாகப் பதிகிறது. எடின்பரோவைச் சேர்ந்த வெர்னா டாங்கர்ஸும் சகாக்களும் 2022இல் ஆங்கிலத்திலிருந்து ஏழு ஐரோப்பிய மொழிகளுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர்களின் உள்ளே நுழைந்து பார்த்தார்கள். மரபுத்தொடர்கள் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல்லாகவே மாறின. சரியாகப் பொருள்கொண்ட சில இடங்களில், தொடரின் சொற்கள் ஒன்றையொன்று அதிகம் கவனித்து, சுற்றியுள்ள சொற்களிடமிருந்து சற்றே விலகி, ஒரே அலகைப் போல நடந்துகொண்டன. அதாவது திறன் இருக்கிறது, பழக்கம் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. வளமான இணைத்தொகுப்புகள் உள்ள ஐரோப்பிய மொழிகளிலேயே இந்த நிலை.

2. சொல்லைத் துண்டாக்குவது. நியூரல் மாதிரி எல்லாச் சொல்லையும் முழுதாக நினைவில் வைப்பதில்லை. அரிய சொற்களைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழிக்கு இது பெரிய உதவி, "குத்தினான்", "குத்தாதே" இரண்டுக்கும் "குத்த" என்ற துண்டு பொதுவாக அமையலாம். ஆனால் "நீலிக்கண்ணீர்" என்ற தொடரைப் பாருங்கள். பழையனூர் நீலி ஊரார் முன்னால் அழுது நம்பவைத்த கதையிலிருந்து வந்த சொல் அது; பொய்யழுகை என்பது பொருள். கணினியில் "நீலி", "நீலம்" இரண்டுமே ந, ஈகாரக் குறி, ல என்ற ஒரே மூன்று குறிகளில் தொடங்குகின்றன. வெட்டு அந்த இடத்தில் விழுந்தால், நீலி மறைந்து நீல நிறம் வந்துவிடும், கண்ணீர் நீலமாகிவிடும். கதை தெரியாத இயந்திரத்துக்கு இந்தப் பெயர் வெறும் எழுத்துத்தான்.

3. தொகுப்பு கட்டும் முறை. என் பார்வையில் மிக முக்கியமான காரணம் இது, அதிகம் பேசப்படாததும் இதுதான். ஆங்கிலம்–தமிழ் இணைவாக்கியங்கள் எங்கிருந்து வருகின்றன? அரசு அறிவிப்புகள், பிரதமரின் உரைகள், செய்தித்தளங்கள், விவிலியம், திரைப்பட வசன வரிகள். இவற்றில் வசன வரிகளைத் தவிர மற்றவற்றில் பேச்சு மரபுத்தொடர் அபூர்வம். போதாததற்கு, பெரும் பகுதி இணைகள் கணினியே தேடிச் சேர்த்தவை. 2021இல் ஏஐ4பாரத் வெளியிட்ட சமானந்தர் தொகுப்பில் ஆங்கிலத்துக்கும் 11 இந்திய மொழிகளுக்கும் இடையே 5 கோடிக்குச் சற்றுக் குறைவான இணைகள் உண்டு; பெரும்பாலானவை இப்படி வலையிலிருந்து எடுக்கப்பட்டவை. இரு மொழி வாக்கியங்களையும் எண்வரிசையாக்கி, இரண்டும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மதிப்பெண் போட்டு, மதிப்பெண் குறைந்தவற்றைத் தள்ளுவது வழக்கம்.

இப்போது தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் "எனக்கே காது குத்துறியா" என்பதற்கு எதிரே "என்னை முட்டாளாக்கப் பார்க்கிறாயா" என்ற பொருளில் நல்ல ஆங்கில வாக்கியம் எழுதியிருப்பதாகக் கொள்வோம். தமிழ்ப் பக்கம் காதும் குத்தலும் இருக்கிறது, ஆங்கிலப் பக்கம் இரண்டும் இல்லை. மதிப்பெண் குறையும், இணை தள்ளப்படும் அபாயம் கூடும். "காதைத் துளைக்கிறாயா" என்ற மோசமான மொழிபெயர்ப்பு எங்காவது இருந்தால் அது நல்ல மதிப்பெண் வாங்கி உள்ளே வந்துவிடும். இயந்திரம் எதைக் கற்க வேண்டுமோ அதையே வாசலில் திருப்பி அனுப்பும் வடிகட்டி இது.

தொகுப்பு போதாதபோது கையாளும் இன்னொரு வழி, தமிழில் மட்டும் உள்ள வாக்கியங்களைப் பழைய இயந்திரத்திடம் கொடுத்து ஆங்கிலமாக்கி, அந்த இணைகளையும் பயிற்சியில் சேர்ப்பது. பொதுவாக இது தரத்தை உயர்த்துகிறது. ஆனால் பழைய இயந்திரம் மரபுத்தொடரில் செய்த பிழை, புது இயந்திரத்துக்குப் பாடமாகப் போய்ச் சேருகிறது.

4. அளவுகோல். தரத்தை அளக்க 2002இல் வந்த புளூ என்ற மதிப்பெண் இன்றும் புழங்குகிறது. இயந்திரத்தின் வாக்கியத்திலும் மனிதர் எழுதிய மாதிரி வாக்கியத்திலும் ஒன்று முதல் நான்கு சொல் வரையான தொடர்கள் எத்தனை பொருந்துகின்றன என்று அது எண்ணுகிறது. 20 சொல் வாக்கியத்தில் மரபுத்தொடர் 2 சொல்தான். அதைக் கோட்டைவிட்டாலும் மீதி 18 பொருந்திவிடும். வாக்கியத்தின் பொருளே தலைகீழானாலும் மதிப்பெண்ணில் சிறு கீறல்தான் விழும். இன்னொன்று: மாதிரி வாக்கியத்தில் உள்ள ஆங்கிலத் தொடருக்குப் பதில் இயந்திரம் அதே பொருளுள்ள வேறு நல்ல தொடரைப் போட்டாலும், தவறாகப் போட்டதற்கு எவ்வளவு குறையுமோ அவ்வளவே குறையும். பொருளை ஒப்பிடும் புதிய அளவுகோல்கள் இப்போது வந்திருக்கின்றன. சராசரியில் மரபுத்தொடர் கரைந்துபோவது அவற்றிலும் நடக்கிறது.

சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் பெருமொழி மாதிரிகள் வந்தபிறகு நிலைமை ஓரளவு மாறியிருப்பது உண்மை. அவை இணைத்தொகுப்பை மட்டும் நம்பியிருக்கவில்லை. ஒரு தொடருக்கு விளக்கம் எழுதிய பக்கங்களையும் படித்திருப்பதால், நன்கு அறிமுகமான மரபுத்தொடரைப் பிடித்துவிடுகின்றன. ஆனால் தெரியாத தொடரைச் சந்திக்கும்போது பழைய இயந்திரம் கரடுமுரடான வாக்கியத்தைத் தந்து தன் பிழையைத் தானே காட்டிக்கொடுத்தது. இவை பொருந்துவதுபோல் ஒரு பொருளை ஊகித்து, வழுவழுப்பான வாக்கியமாகத் தந்துவிடக்கூடும். தமிழ் தெரியாத வாசகருக்குச் சந்தேகமே எழாது.

## பழமொழியின் கணக்கு வேறு

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலும் ஆங்கில வாசகருக்குப் புரியும். "ஆடத் தெரியாதவள்" பழமொழியும் அப்படியே. இரண்டாவதற்கு, திறமையற்ற வேலையாள் கருவியைக் குறைசொல்வான் என்ற ஆங்கிலப் பழமொழி ஈடாக இருக்கிறது. எதைப் போடுவது? நாவலில் கிழவி ஒருத்தி சொன்னால் ஆட்டமும் கூடமும் இருக்க வேண்டும். செய்தியில் அமைச்சர் சொன்னால் ஆங்கில ஈடு போதும். இயந்திரத்துக்கு இந்தத் தேர்வு இருப்பதே தெரியாது.

சொல்லுக்குச் சொல் மாற்றுவது எப்போதும் பிழை என்றும் சொல்ல முடியாது. "முதலைக் கண்ணீர்" ஆங்கிலத்திலிருந்து அப்படியே வந்து இன்று தமிழாகிவிட்டது. "கறுப்பு ஆடு" அதே வழியில் வந்தது. எந்தப் படிமம் எல்லை தாண்டி நிலைத்துவிட்டது, எது இன்னும் அந்நியமாக நிற்கிறது என்பதை மொழிக்குள் வாழ்பவரே அறிவார்.

உண்மையான கண்ணி, பழமொழியைப் பாதியில் விடும் நம் வழக்கம்தான். கூட்டத்தில் "நிதி ஏன் ஒதுக்கலை?" என்று ஒருவர் கேட்க, "சட்டியில இருந்தாத்தானே!" என்று மற்றவர் முடித்துவிடுவார். அகப்பை வரவே இல்லை. கேட்டவர் மனத்தில் அது தானாக வந்துவிட்டது. இயந்திரத்தின் கையில் இருப்பது "சட்டியில் இருந்தால் மட்டுமே" என்ற தொங்கும் துண்டு. சொல்லப்படாத பாதியை மொழிபெயர்க்க, அது சொல்லப்படவில்லை என்பதை முதலில் உணர வேண்டும். பல இயந்திரங்கள் வாக்கியத்தைத் தனித்தனியே வெட்டி எடுத்துக்கொள்வதால் முந்தின கேள்வியும் கையில் இருக்காது.

## எங்கே இது ஆபத்தாகிறது

கதையிலோ நகைச்சுவையிலோ தவறினால் சுவை போகும், அவ்வளவுதான். "உன்னைப் போட்டுத் தள்ளிடுவேன்" என்பது கொலை மிரட்டல். "போடு", "தள்ளு" என்ற இரண்டு சாதாரண வினைகளாக அது மாறினால், புகாரைப் படிக்கும் வேற்றுமொழி அதிகாரிக்கு அது கைகலப்பு அளவிலேயே தெரியும். சமூக ஊடகத்தில் மிரட்டல்களைச் சலிக்கும்போது தமிழ்ப் பதிவை ஆங்கிலமாக்கிப் பார்த்தால் அதே ஓட்டை.

மருத்துவமனையில் இன்னொரு வகை. "வாயைக் கட்ட முடியலைங்க" என்று சர்க்கரை நோயாளி தமிழ் தெரியாத மருத்துவரிடம் சொன்னால், உணவுக் கட்டுப்பாடு முடியவில்லை என்பதே செய்தி. வாய், கட்டுதல், முடியவில்லை என்ற மூன்றும் நேராக மாறினால் தாடையில் ஏதோ கோளாறு என்று தோன்றலாம்.

## பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி

வந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்து, முதல் வாக்கியமே வந்தால் சரி என்று முடிவுசெய்வது பலருடைய வழக்கம். மரபுத்தொடரில் இந்தச் சோதனை நேர்மாறாக வேலைசெய்யும். காது குத்துவது ஆங்கிலத்தில் காது குத்துவதாகவே போனால், திரும்பும்போது "காது குத்துகிறாயா" என்று பிசகாமல் வந்து நிற்கும். சரியாக மொழிபெயர்த்திருந்தால்தான் "என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா" என்று மாறி வரும். சொல்லுக்குச் சொல் மாற்றிய பிழை இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும்.

உதவுகிற வழிகள் இரண்டு:

1. வந்த உரையில் எதிர்பாராத உடலுறுப்பு, விலங்கு, சமையல் பாத்திரம் தென்படுகிறதா என்று பாருங்கள். நிதிநிலை அறிக்கையைப் பற்றிய பேச்சில் சட்டி வந்தால், மருத்துவக் குறிப்பில் கட்டிய வாய் வந்தால், அங்கே மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டும். தமிழ் மரபுத்தொடர்கள் பல இந்த மூன்று இடங்களிலிருந்து எழுகின்றன.
2. மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும் முன்பே மூலத்தை விரித்து எழுதுங்கள். "எனக்கே காது குத்துறியா" என்பதை "என்னையே ஏமாற்றப் பார்க்கிறாயா" என்று மாற்றுங்கள். "சட்டியில இருந்தாத்தானே" என்பதை "கையில் பணம் இருந்தால்தானே ஒதுக்க முடியும்" என்று ஆக்குங்கள். பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்கினாலே பிழை குறையும், ஏனென்றால் இயந்திரம் அதிகம் படித்திருப்பது எழுத்துத் தமிழை.

புகார் மனு, மருத்துவக் குறிப்பு, வேலைக் கடிதம் இவற்றுக்கு இரண்டாவது வழியைத் தயங்காமல் கையாளலாம். கதைக்கும் நேர்காணலுக்கும் அது பொருந்தாது. அங்கே விரித்து எழுதினால் பொருள் போய்ச் சேரும். மாமன் மடியும் மிட்டாயும் அசந்த நேரத்து ஊசியும் போய்ச் சேராது. அந்த இடத்துக்கு இரு மொழியும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, அந்த ஒரு வரியை மட்டுமாவது தன் கையால் எழுத வேண்டியிருக்கிறது.